நாய்களின் தீராத காது நோய்

மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு முதலிய இடங்களில் நாய் வளர்ப்போர் பலரும் ஒரு குறையைக் கூறக் கேட்கிறோம். நாய் தலையை உதறுகிறது, காதைச் சொறிகிறது, காதினின்று துர்நாற்றம் வீசுகிறது. மருந்துத் துளிகளை விட்டால் பத்து நாளில் குணம் தெரிகிறது. ஆயினும் இரண்டு மாதம் கழியுமுன் நோய் திரும்பி வந்துவிடுகிறது. இதற்குக் காரணம் யாதெனில், துளிகள் காதில் பெருகிய கிருமிகளை அடக்குகின்றனவேயன்றி, அவை பெருகுவதற்கு இடங்கொடுத்த மூலத்தைத் தொடுவதில்லை.

காதின் அமைப்பும் சோதனையும்

நாயின் காதுக்குழாய் மனிதருடையதைப் போல நேராக உட்செல்வதில்லை. முதலில் கீழ்நோக்கி இறங்கிப் பின்னர் உட்புறமாக மடங்குகிறது. அதன் முடிவிலே செவிப்பறை உள்ளது. ஆகையால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குழாயின் மேற்பாதி மட்டுமே புலப்படும். மருத்துவர் காதுமடலை மெதுவாக வெளிப்புறமாக இழுத்துக் குழாயை நேராக்கி, ஆட்டோஸ்கோப் என்னும் விளக்குள்ள கருவியைச் செலுத்திப் பார்ப்பார். வலி குறைந்த காதை முதலில் பார்ப்பது வழக்கம். புல்முள், உண்ணி, சதை வளர்ச்சி ஆகியவை உண்டா, குழாய் வீங்கிச் சுருங்கியுள்ளதா, செவிப்பறை முழுமையாயிருக்கிறதா என்பவற்றை அவர் கவனிப்பார்.

செவிப்பறையின் நிலையை அறிவது மிக அவசியம். அது கிழிந்திருந்தால், சில மருந்துகளும் கழுவு நீர்களும் உட்காதிற் புகுந்து செவிட்டுத்தன்மையையும் தலைசாய்வையும் உண்டாக்கக்கூடும். வீட்டிலே காய்ச்சிய எண்ணெயையோ, முன்பு மிச்சமான துளிகளையோ விடுவது இக்காரணத்தால் தகாது.

கண்ணாடித் தகட்டில் காண்பது

காதைக் கழுவுமுன் பஞ்சுக்குச்சியால் அழுக்கை எடுத்து, கண்ணாடித் தகட்டில் உருட்டித் தடவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். இதற்குச் சில நிமிஷங்களே பிடிக்கும். மலசீசியா என்னும் ஈஸ்டு வேர்க்கடலை வடிவிலும், ஒரு முனையில் மொட்டு விட்டதுபோலவும் காணப்படும். பாக்டீரியாக்கள் அதனினும் மிகச் சிறியவை. சில உருண்டை மணிகளாகவும், சில குச்சிகளாகவும் இருக்கும்.

ஆரோக்கியமான காதிலும் ஈஸ்டு சிறிதளவு வாழ்வதுண்டு. 400 மடங்கு பெருக்கிப் பார்க்கையில் ஒரு பார்வைவட்டத்துக்கு இரண்டுக்கு மேற்படாவிடில் அது இயல்பே. ஐந்தும் அதற்கு மேலும் இருப்பின் மிகுதியென்று கொள்ளலாம். ஈஸ்டு மட்டும் மிகுந்திருந்தால் காளானை அடக்கும் மருந்து போதும்; பாக்டீரியாவுக்கான மருந்து அங்கே பயன்படாது. குச்சி வடிவக் கிருமிகளும் சீழணுக்களும் ஒருங்கே தோன்றினால் நோய் கடினமானது. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதை வளர்ப்புச் சோதனையால் அறிய வேண்டும். தகடு கிருமியின் வடிவத்தைக் காட்டுமேயன்றி, அதன் இனத்தைச் சொல்லாது.

மூலத்தைத் தேடுதல்

உதாரணமாக, அடையாற்றில் ஒரு வீட்டிலுள்ள மூன்று வயது லாப்ரடார் நாயைக் கொள்வோம். ஒரே ஆண்டில் மூன்று முறை அதன் இரு காதுகளும் கெட்டன. பெசன்ட் நகர்க் கடலில் நீந்துவதே காரணமென வீட்டார் எண்ணினர். தொங்குகாதும் ஈரமும் நோய்க்குத் துணைசெய்வன என்பது உண்மையே. எனினும் அதே காற்றிலும் மழையிலும் திரியும் தொங்குகாது நாய்கள் யாவும் நோயுறுவதில்லை. எனவே ஈரத்துக்கு அப்பால் ஒரு காரணம் இருத்தல் வேண்டும்.

தகட்டில் வட்டத்துக்குப் பன்னிரண்டு ஈஸ்டுகள் இருந்தன, சீழணுக்கள் இல்லை. செவிப்பறை முழுமையாயிருந்தது. புல்முள், கட்டி முதலியன பெரும்பாலும் ஒரு காதையே பற்றும். இங்கு இரு காதுகளும் கெட்டதோடு, நாய் பாதங்களையும் ஓயாது நக்கியது. உண்ணியோ தெள்ளோ இல்லை. இவற்றால் ஒவ்வாமை என்று ஊகிக்கப்பட்டது.

காதுக்குத் துளிமருந்து நடக்கையிலேயே, அது வழக்கமாக உண்ட கோழி, பால், பிஸ்கட் யாவும் நிறுத்தப்பட்டன. முன்பு உண்டிராத மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மட்டும் எட்டு வாரம் கொடுக்கப்பட்டன. ஆறாவது வாரத்தில் நக்குதல் தணிந்தது. எட்டு வாரம் முடிந்தபின் கோழியை மீண்டும் கொடுக்கவே, நான்காம் நாளில் அரிப்புத் திரும்பிற்று. கோழியை விலக்கியதும் அடங்கியது. பழைய உணவை மறுபடி கொடுத்துப் பார்க்காவிடில், குணமடைந்தது உணவு மாற்றத்தாலா, துளிமருந்தாலா என்று துணிய முடியாது. இச்சோதனைக் காலத்தில் ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்தாலும் பலன் கெடும். உணவை மாற்றியும் அரிப்பு அடங்காத நாய்களில் தூசி, மகரந்தம் ஆகியவற்றின் ஒவ்வாமையையும், வயதானவற்றில் தைராய்டுக் குறைவையும் ஆராய வேண்டும்.

துர்நாற்றம் நின்றதைக்கொண்டு மருந்தை நிறுத்தலாகாது. இரண்டு வாரத்தில் மீண்டும் தகடு பார்த்து, அது தெளிந்திருந்தால் மட்டுமே நிறுத்த வேண்டும். ஓராண்டில் இரண்டு முறைக்கு மேல் காது கெடும் நாயை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ கொண்டுசெல்க. போகுமுன் காதைக் கழுவாதிருக்க வேண்டும். முன்பு விட்ட மருந்துகளின் பெயரையும், நாய் உண்பவற்றின் முழு விவரத்தையும் எழுதி எடுத்துச்செல்லுதல் நலம்.