இயர்போன் ஜாக் இல்லாத போன்: ஒரே அடாப்டர் ஒன்றில் பாடுவதும் மற்றொன்றில் மௌனமாவதும் ஏன்?

கோலார் தங்கவயல்: தங்கச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு மூடப்பட்ட பின்னர், தங்கவயலைச் சேர்ந்த ஏராளமானோர் வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலில் சென்று திரும்புகின்றனர். ஒரு வழிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளும் இத்தகைய பயணங்களில் கம்பி இயர்போனுக்கு இன்னமும் இடம் உண்டு. அதற்குச் சார்ஜ் தேவையில்லை, விலையும் குறைவு. ஆனால், 3.5 மில்லிமீட்டர் ஜாக் இல்லாத போனை வாங்கியவர்கள் அதனைப் பயன்படுத்த ஒரு சிறிய அடாப்டரை நாட வேண்டியுள்ளது.

சிக்கல் அங்குதான் தொடங்குகிறது. நண்பரின் போனில் நன்றாகப் பாடிய அடாப்டர், தமது போனில் ஒலியே எழுப்புவதில்லை. வேறொன்றை வாங்கினால் ஒலி வருகிறது, ஆனால் மிகவும் மெலிதாக உள்ளது. பலரும் இயர்போன் பழுதாகிவிட்டது என்று எண்ணிப் புதியதை வாங்கிவிடுகின்றனர். பெரும்பாலான நேரங்களில் பழுது இயர்போனில் இருப்பதில்லை.

தோற்றம் ஒன்று, வேலை இரண்டு

போனில் சேமிக்கப்பட்டுள்ள பாடல் எண்களின் தொகுப்பாகும். இயர்போனுக்கோ ஏறி இறங்கும் மின்னலை தேவை. எண்களை மின்னலையாக மாற்றும் சில்லுக்கு டிஜிட்டல்-அனலாக் மாற்றி என்று பெயர். சுருக்கமாக அதனை ‘டாக்’ என்று அழைக்கின்றனர். ஜாக் இருந்த காலத்தில் இந்த மாற்றி போனுக்குள்ளேயே இருந்தது. மாற்றப்பட்ட மின்னலை ஜாக் வழியாக வெளியே வந்தது.

ஜாக் நீக்கப்பட்ட பின்னர், நிறுவனங்கள் இரண்டு வழிகளைக் கையாண்டன. முதல் வழியில், மாற்றும் வேலையைப் போனே செய்து, மின்னலையை டைப்-சி துளையின் சில முனைகள் வழியாக நேரடியாக வெளியே அனுப்புகிறது. வழக்கமாகத் தரவு செல்லும் இரண்டு முனைகளில் இடது, வலது ஒலிகள் செல்கின்றன. இதற்கான அடாப்டருக்குள் மாற்றிச் சில்லு கிடையாது. உள்ளே இருப்பது கம்பி இணைப்பு மட்டுமே. இது அனலாக் அடாப்டர். ஷாவ்மியின் மி 6, ஹுவாவேயின் பி20, ஒன்பிளஸ் 6டி ஆகிய போன்கள் இந்த வழியை ஏற்றவை.

இரண்டாம் வழியில், போன் எண்களை அப்படியே வெளியே அனுப்பிவிடுகிறது. மாற்றிச் சில்லும், ஒலியைப் பெருக்கும் சிறு பெருக்கியும் அடாப்டரின் முனைக்குள் அமர்ந்திருக்கின்றன. இது டிஜிட்டல் அடாப்டர். கூகுளின் பிக்சல் 2, சாம்சங்கின் கேலக்ஸி நோட் 10 ஆகியவற்றுக்கு இந்த வகைதான் தேவை. 2016இல் வெளிவந்த ஐபோன் 7 உடன் ஆப்பிள் அளித்த லைட்னிங் அடாப்டருக்குள்ளும் மாற்றிச் சில்லு இருந்தது.

வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. இரண்டாம் வகைப் போனில் அனலாக் அடாப்டரைச் செருகினால், எண்களை மாற்றித் தர எவரும் இல்லை. எனவே இயர்போன் மௌனமாக இருக்க, பாடல் போனின் ஒலிபெருக்கியிலேயே தொடர்கிறது. மறுபுறம், அனலாக் வழியை ஏற்கும் பல போன்கள் டிஜிட்டல் அடாப்டரையும் ஏற்கின்றன. போனின் வகை தெரியாதவர்களுக்கு டிஜிட்டல் அடாப்டரே பாதுகாப்பான தேர்வாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

டைப்-சி முனையுடனேயே விற்கப்படும் கம்பி இயர்போன்களில் பெரும்பாலும் மாற்றி முனைக்குள் பொருத்தப்பட்டிருக்கும். எனினும் அவற்றிலும் அனலாக் வகை உண்டு என்பதால், பெட்டியில் ‘டாக்’ உள்ளதாகக் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பார்ப்பது அவசியம்.

கையில் இருப்பது எந்த வகை?

இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. டைப்-சி துளை உள்ள மடிக்கணினியில், இயர்போன் இணைத்த அடாப்டரைச் செருகி, ஒலி அமைப்புகளைத் திறக்க வேண்டும். வெளியீட்டுச் சாதனங்களின் பட்டியலில் புதிய பெயர் ஒன்று தோன்றினால் அது டிஜிட்டல் அடாப்டர். எதுவும் தோன்றாவிட்டால் பெரும்பாலும் அனலாக் வகையாகவே இருக்கும்.

டிஜிட்டல் அடாப்டர் என்று உறுதியான பின்னரும் போனில் ஒலி வரவில்லை எனில், இரண்டு அமைப்புகளைப் பார்க்கலாம். ஓப்போ, ஒன்பிளஸ் போன்களில் சில, வெளிச் சாதனங்களுக்கு மின்சாரம் வழங்குவதற்கு முன் அமைப்புகளில் `OTG` என்ற வசதியை இயக்கச் சொல்கின்றன. சிறிது நேரம் பயன்படுத்தாமல் விட்டால் அது தானாகவே அணைந்துவிடுவதும் உண்டு. காலையில் பாடிய அடாப்டர் மாலையில் மௌனமாவதற்கு இது ஒரு காரணம். இரண்டாவதாக, ஆண்ட்ராய்டின் டெவலப்பர் அமைப்புகளில் `Disable USB audio routing` என்ற தேர்வு இயக்கத்தில் இருந்தால், ஒலி அடாப்டருக்குச் செல்லாது.

ஒலி ஏன் குறைகிறது?

இரண்டு அடாப்டர்களும் வேலை செய்கின்றன. ஒன்றில் மட்டும் ஒலி குறைவு. இதற்கு முதற்காரணம் அடாப்டர் தரக்கூடிய மின்னழுத்தம். ஆப்பிளின் டைப்-சி அடாப்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே தோற்றம் கொண்ட அதில் இரண்டு வடிவங்கள் உள்ளன. அமெரிக்காவில் விற்கப்படும் ஏ2049 என்ற வடிவம் அதிகபட்சம் சுமார் 1 வோல்ட் தருகிறது. ஐரோப்பாவில் கையடக்க இசைக்கருவிகளின் ஒலிக்கு வரம்பு இருப்பதால், அங்கு விற்கப்படும் ஏ2155 சுமார் 0.5 வோல்ட் மட்டுமே தருகிறது.

இந்த வேறுபாடு காதில் எவ்வளவு தெரியும்? 32 ஓம் மின்தடையும், 1 மில்லிவாட் திறனுக்கு 100 டெசிபல் ஒலியும் தரும் இயர்போனை எடுத்துக்கொள்வோம். திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் கிடைப்பது. 1 வோல்ட்டில் 31 மில்லிவாட் கிடைக்கிறது. உச்ச ஒலி 115 டெசிபலை எட்டும். 0.5 வோல்ட்டில் 8 மில்லிவாட்டுக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கிறது. உச்சம் 109 டெசிபல். மின்னழுத்தம் பாதியானால் திறன் கால்பங்காகிறது. ஒலி 6 டெசிபல் குறைகிறது. இது காதுக்குத் தெளிவாகத் தெரியும் குறைவு என்றாலும், இத்தகைய இயர்போனில் அது இடையூறாக இராது. பாடலின் சராசரி ஒலி உச்சத்தைவிட 10 முதல் 20 டெசிபல் வரை தாழ்ந்திருக்கும் என்பதைக் கழித்த பின்னரும் போதிய ஒலி மிஞ்சுகிறது.

அதே 0.5 வோல்ட் அடாப்டரில், ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படுவது போன்ற 300 ஓம் ஹெட்போனை இணைத்தால் நிலைமை மாறுகிறது. உணர்திறன் அதே 100 டெசிபல் என்றே வைத்துக்கொண்டாலும், கிடைக்கும் திறன் 1 மில்லிவாட்டைவிடக் குறைவு. உச்சமே 99 டெசிபல்தான். சராசரி ஒலி 80 டெசிபல் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். அமைதியான அறையில் அது போதும். இரைச்சலுள்ள ரயில் பெட்டியில் போதாது. எனவே ஒலி குறைவுக்கு இரண்டாம் காரணம், இயர்போனின் மின்தடையும் உணர்திறனும் அடாப்டருக்குப் பொருந்தாமல் இருப்பது.

அடாப்டருக்குள் ஒளிந்திருக்கும் மற்றொரு ஒலிக் கட்டுப்பாடு

மூன்றாம் காரணத்தைப் பலரும் அறிவதில்லை. டிஜிட்டல் அடாப்டர்கள் பலவற்றில் தனக்கென ஓர் ஒலிக் கட்டுப்பாடு உண்டு. அதனை எந்த அளவில் வைக்க வேண்டும் என்பதைப் போன்தான் சொல்ல வேண்டும். ஆப்பிள் அடாப்டரைச் செருகும்போது, பல ஆண்ட்ராய்டு போன்கள் இந்த உள் கட்டுப்பாட்டை முழு அளவுக்கு உயர்த்துவதில்லை. பயனர் தமது போனின் ஒலியை இறுதி வரை உயர்த்தினாலும், உள்ளே உள்ள கட்டுப்பாடு தாழ்ந்தே இருப்பதால் முழு மின்னழுத்தம் வெளியே வருவதில்லை. ஏ2049 அடாப்டரே ஐரோப்பிய வடிவம் போல மெலிதாக ஒலிப்பதற்கு இதுவே காரணம். அடாப்டரில் பழுது இல்லை.

இதனையும் மடிக்கணினியைக் கொண்டு கண்டறியலாம். அதே அடாப்டர், அதே இயர்போன், அதே பாடலை மடிக்கணினியில் முழு ஒலியில் சில விநாடிகள் மட்டும் இயக்கி, இயர்போனைக் காதில் மாட்டாமல் சற்றுத் தள்ளி வைத்துக் கேட்க வேண்டும். அங்கு ஒலி தெளிவாகக் கூடுதலாக இருந்தால், குறை போன் அடாப்டரைக் கையாளும் முறையில் உள்ளது. அங்கும் மெலிதாகவே இருந்தால், அடாப்டரின் மின்னழுத்தமோ இயர்போனின் பொருத்தமோ காரணம். போனின் குறையாக இருந்தால், அடாப்டரின் உள் கட்டுப்பாட்டை நேரடியாக இயக்கும் `USB Audio Player PRO` போன்ற செயலிகளால் அதனைச் சரிசெய்ய முடியும். ஆனால் அச்செயலியில் இயங்கும் பாடல்களுக்கு மட்டுமே பலன் கிடைக்கும். யூடியூப், தொலைபேசி அழைப்பு போன்றவற்றுக்கு வேறு நிறுவனத்தின் டிஜிட்டல் அடாப்டரே தீர்வு.

ஒலியைக் கூட்டும் முன்

ரயில், பேருந்துப் பயணங்களில் ஒலி போதவில்லை என்று தோன்றுவதற்கு அடாப்டரைவிடச் சுற்றுப்புற இரைச்சலே பல நேரங்களில் காரணமாகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட தரநிலை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்ற அளவைப் பாதுகாப்பானதாகக் கொள்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும். அதன்படி 89 டெசிபலில் வாரத்துக்கு 5 மணி நேரம் மட்டுமே. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கேட்பவர், அந்த அளவில் மூன்றாம் நாளிலேயே வரம்பைத் தாண்டிவிடுவார்.

எனவே கூடுதல் வோல்ட் தரும் அடாப்டரைத் தேடுவதற்கு முன், காதுத்துளையை இறுக்கமாக அடைக்கும் ரப்பர் முனை கொண்ட இயர்போனைப் பயன்படுத்திப் பார்ப்பது நல்லது. முனை தளர்வாக இருந்தால் வெளி இரைச்சல் உள்ளே நுழைவதுடன், பாடலின் தாழ்ந்த ஒலிகளும் கசிந்து வெளியேறி, மொத்த ஒலியும் குறைந்ததுபோல் தோன்றும். இயர்போனுடன் வரும் மூன்று அளவு முனைகளில் பொருத்தமானதை மாற்றினாலே பலருக்குக் குறை தீர்ந்துவிடும்.

அதன் பின்னரும் அடாப்டர் வாங்க நேர்ந்தால், கடையிலேயே தமது போனில் செருகிப் பாடல் ஒன்றை இயக்கிப் பார்ப்பதுடன், ஓர் அழைப்பு விடுத்து மைக்கும் இயங்குகிறதா என்று சோதித்து வாங்குவது பணத்தை மிச்சப்படுத்தும்.