எழுத்தை வெட்டினால் எவ்வளவு படம் மிஞ்சும்?

சதாபிஷேகத்தன்று எடுத்த தாத்தா பாட்டி படம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பேத்தி அதை இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் போடும்போது கீழே கொட்டை எழுத்தில் ஒரு வாழ்த்து எழுதினாள். வலது மேல் மூலையில் ஒரு இதய ஸ்டிக்கரையும் ஒட்டினாள். ஸ்டோரியை கேலரியில் சேமித்தும் வைத்தாள். பிறகு போன் பழுதாகி, ஒட்டு எதுவும் இல்லாத அசல் படம் போய்விட்டது. மிச்சம் இருப்பது சேமித்த அந்த ஒரு படம்தான். அதை ஃபிரேம் போட வேண்டும், வாழ்த்தும் இதயமும் இல்லாமல்.

ஸ்டோரியாகச் சேமித்த படத்தில் எழுத்தும் ஸ்டிக்கரும் படத்தின் மேல் தனி அடுக்காக இருப்பதில்லை. சேமிக்கும் நொடியிலேயே படத்தோடு கலந்து ஒரே படமாகிவிடுகின்றன. எழுத்து இருக்கும் இடத்தில் முன்பு பட்டுப்புடவையின் கரை இருந்திருக்கலாம். அந்தப் புள்ளிகள் இப்போது கோப்பிலேயே இல்லை. எந்தச் செயலியும் அதைச் சுரண்டி எடுத்துக் காட்ட முடியாது. அழிப்பதாகச் சொல்லும் கருவிகள், அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து அந்த இடத்தை நிரப்புகின்றன. வெறும் சுவர் என்றால் கண்டுபிடிக்க முடியாது. விரல்களோ நகையோ என்றால் குளறுபடிதான். வெட்டுவது இதற்கு நேர்மாறு. புதிதாக எதையும் சேர்க்காது, இருப்பதைக் குறைக்க மட்டுமே செய்யும். மிஞ்சுவது எல்லாம் உண்மையாக எடுத்த படம்.

சில சமயம் குறைக்க வேண்டிய கட்டாயமே இருக்காது. ஸ்டோரியின் சட்டம் 1080 புள்ளி அகலம், 1920 புள்ளி உயரம் கொண்ட நெட்டையான செவ்வகம். போனைப் படுக்க வைத்து எடுத்த 4:3 படம் அதற்குள் அகலத்துக்குப் பொருத்தமாக உட்கார்ந்தால் அதன் உயரம் 810 புள்ளிதான். மேலேயும் கீழேயும் ஆளுக்கு 555 புள்ளி வெற்று நிறப் பட்டை நிற்கும். வாழ்த்துகளைப் பெரும்பாலும் அந்தப் பட்டையில்தான் எழுதுகிறார்கள். அப்படியானால் பட்டைகளை வெட்டிப் போட்டால் வேலை முடிந்தது, படத்துக்கு ஒரு கீறலும் இல்லை.

பேத்தியின் படம் அப்படியில்லை. நிமிர்த்திப் பிடித்து எடுத்தது, சட்டம் முழுவதையும் நிறைத்திருக்கிறது. எழுத்து உட்கார்ந்திருப்பது தாத்தா பாட்டியின் பாதங்கள் மேல். மேலிருந்து எண்ணினால் 1500ஆவது புள்ளிவாக்கில் தொடங்குகிறது. இதயம் மேலிருந்து 180 புள்ளி வரை இறங்கியிருக்கிறது.

இதயத்தை இரண்டு வழியில் வெளியேற்றலாம். மேற்பக்கத்தில் ஒரு பட்டையை வெட்டலாம், அல்லது வலப்பக்கம் ஒரு பட்டையை எடுக்கலாம். மேலே இருப்பது பந்தல் துணியும் மின்விசிறியும். வலப்பக்கம் நிற்பது சித்தி. விசிறி போனால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே மேலே 200 புள்ளி போகட்டும். மூலையில் இருக்கும் எந்த ஸ்டிக்கருக்கும் இந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: எந்தப் பக்கம் வெட்டினால் சேதம் குறைவு?

கீழே, எழுத்து தொடங்கும் இடத்தில் வெட்டினால் கோடு சரியாகக் கணுக்காலில் விழும். மூட்டில் வெட்டிய படம் பார்க்க என்னமோ போல் இருக்கும், பாதம் துண்டானது போல. கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு ஆகிய இடங்களைத் தவிர்ப்பது போட்டோகிராபர்களின் பழைய பழக்கம். இன்னும் கொஞ்சம் மேலேறி, கெண்டைக்கால் நடுவில் 1400இல் வெட்டினால் கண்ணுக்கு உறுத்தாது. இப்போது மிஞ்சியது 1080 அகலம், 1200 உயரம்.

போனில் இதைச் செய்ய கூகுள் போட்டோஸ், ஐபோனின் போட்டோஸ் என எதுவும் போதும். எடிட் திறந்து, கிராப் போய், விகிதத்தை முதலில் கட்டில்லாமல் Free என்று வைத்து மூலைகளை இழுக்க வேண்டும். புள்ளிக்கணக்கு திரையில் தெரியாவிட்டால் கண்ணால் அளந்தால் போதும். எழுத்தை ஒட்டினாற்போல் மட்டும் வெட்டக் கூடாது. எழுத்துகளுக்குப் பின்னால் மங்கலான நிழல் ஒன்று பரவியிருக்கும். அதோடு, ஜேபெக் படங்கள் எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்களாகச் சுருக்கப்படுகின்றன. நிறங்கள் பல சமயம் பதினாறு புள்ளிக் கட்டத்துக்கே ஒரு தடவை கணக்கிடப்படுகின்றன. அதனால் சிவப்பு எழுத்தின் சாயல் பக்கத்துக் கட்டத்தில் கசிந்து நிற்கும். ஒரு பதினாறு புள்ளி தள்ளி வெட்டினால் நிம்மதி. வெட்டிய பிறகு ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மெல்லிய சிவப்புக் கோடோ சாம்பல் மூட்டமோ தெரிந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே வர வேண்டும்.

ஆண்ட்ராய்டில் Save copy என்று சேமித்தால் பழையது பத்திரம். ஐபோனில் Revert அழுத்தினால் வெட்டாத படம் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் வெட்டிய நகலையே திறந்து மறுபடி வெட்டிச் சேமித்துக்கொண்டிருந்தால் ஜேபெக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். திருத்த வேண்டுமென்றால் முதல் படத்திலிருந்து தொடங்குவதே நல்லது.

அடுத்தது ஸ்டூடியோ. அங்கே அளவு அங்குலத்தில். 4க்கு 6 பிரிண்ட் வேண்டுமென்றால் 1200 உயரத்துக்கு 800 அகலம் போதும். அங்குலத்துக்கு 200 புள்ளி கிடைக்கும், கையில் வைத்துப் பார்க்கத் தெளிவாகவே இருக்கும். ஆனால் பக்கவாட்டில் 280 புள்ளி போகிறது. விசிறியைக் கொடுத்துக் காப்பாற்றிய சித்தி இங்கே போய்விடுவார். அவர் வேண்டுமென்றால் சதுரமாக 1080க்கு 1080 வெட்டி, 5க்கு 5 அங்குலத்தில் போட்டு, சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு ஃபிரேம் பண்ணலாம். அங்குலத்துக்கு 216 புள்ளி வரும். சுவரில் மாட்ட 8க்கு 12 கேட்டால் அங்குலத்துக்கு 100 புள்ளிதான். எட்டி நின்று பார்த்தால் ஒப்பேறும், கிட்டப் போனால் முகம் குழைந்திருக்கும். பெரிதாக்கிக் கொடுக்கிறேன் என்று கடைக்காரர் சொன்னாலும் இல்லாத விவரம் வரப்போவதில்லை.

வெட்டக் கூடாத எழுத்துகளும் உண்டு. போட்டோகிராபர் தன் பெயரை ஓரத்தில் பொறித்திருந்தால் அது அவருடைய உரிமைக் குறிப்பு. அதைத் தெரிந்தே நீக்குவதை, 2012 திருத்தத்தில் சேர்ந்த பதிப்புரிமைச் சட்டப் பிரிவு 65B குற்றமாக்கியிருக்கிறது. சிறைத் தண்டனை இரண்டு ஆண்டு வரை போகலாம். டிவி சேனல் படத்தில் 'கோப்புப் படம்' என்று போட்டிருப்பதும் அப்படியே. அந்த இரண்டு சொல் போனால், போன வருஷ வெள்ளம் இன்றைய வெள்ளமாகி குடும்பக் குழுக்களில் சுற்ற ஆரம்பிக்கும்.

ஸ்டிக்கர் முகத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தால் வெட்டுவதற்கு வழியில்லை. அப்போது போட்டவரிடம்தான் கேட்க வேண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கேப்ஷன் பெட்டியில் அடித்த வரி படத்தோடு கலப்பதில்லை, திரையில் மட்டும் மேலே தெரியும். நாம் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போதுதான் அது ஒட்டிக்கொள்கிறது. எனவே அவருடைய கேலரியில் சுத்தமான படம் இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டோரி கேமராவிலேயே எடுத்து அங்கேயே அலங்கரித்திருந்தால் அவரிடமும் ஒட்டியதுதான் இருக்கும். கேலரியில் கிடைத்தால், போட்டோவாக அனுப்பாமல் டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் அதைச் சுருக்காது, கேமரா எடுத்த அளவிலேயே வந்து சேரும்.