பங்காளி போனார், பாக்கி போகவில்லை

மார்ச் 31ஆம் திகதியோடு வரி ஆண்டு முடிகிறது. கணக்கைக் கட்டிப் பங்கைப் பிரித்துக்கொண்டு ஒருவர் விலகிப் போவதற்கும் அந்த நாள்தான் தோது. வியாபாரப் பெயர்ப் பதிவில் உள்ள விவரம் மாறினால் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்கிறது 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். விரல் விட்டு எண்ணினால் கெடு ஏப்ரல் 14இல் வந்து நிற்கும். அன்று சித்திரைப் புத்தாண்டு. பிரதேச செயலகக் கதவு பூட்டியிருக்கும். இந்த அவசரத்தில்தான் இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்திலிருந்து எங்களுக்குக் கடிதங்கள் வருகின்றன. கொழுந்து சேகரித்துத் தொழிற்சாலைக்கு ஏற்றுபவர்கள், தோட்டங்களுக்கு உரமும் சாமானும் கொடுப்பவர்கள், றப்பர் வாங்கி விற்பவர்கள் என எழுதுகிறவர்கள் பலவிதம். கேள்வி மட்டும் ஒன்றே.

“பங்காளி விலகிவிட்டார். பத்திரிகையில் அறிவித்தல் போட்டோம். பதிவையும் மாற்றினோம். அப்படியும் கொழும்பு மொத்த வியாபாரி பழைய பாக்கி முழுவதையும் எங்களிடமே கேட்கிறார். போனவருடைய மூன்றில் ஒரு பங்கை அவரிடம்தானே கேட்க வேண்டும்?”

இல்லை, அவர் உங்களிடம் கேட்கலாம், முழுவதையும் கேட்கலாம். பங்கு வியாபாரத்தின் கடன் பங்குதாரருக்குப் பங்கு போட்டுக் கொடுத்த கடன் அல்ல. ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்பதெல்லாம் உங்கள் வீட்டுக்குள் பேசிக்கொண்ட கணக்கு. கடன் கொடுத்தவர் அந்தப் பேச்சில் உட்கார்ந்திருக்கவில்லை. விலகியவரும் தப்பவில்லை. அவர் இருந்த காலத்துக் கடனுக்கு அவர் இன்னமும் பொறுப்பாளிதான். ஆக, பழைய பாக்கிக்கு மூன்று பேரும் பழையபடியே நிற்கிறார்கள். கடன்காரர் தனக்கு வசதியானவரைப் பிடிக்கிறார், அவ்வளவுதான். கடை திறந்திருப்பது உங்களுடையது என்பதால் உங்களிடம் வருகிறார்.

அப்படியானால் அந்த அறிவித்தல் எதற்கு? அது நாளைய கடனுக்கு மட்டும். “இன்ன திகதி முதல் இன்னார் எமது நிறுவனத்தின் பங்குதாரர் அல்லர்” என்ற நாலு வரி, அந்தத் திகதிக்குப் பிறகு வாங்கப்படும் கடனில் விலகியவரை இழுக்காமல் பார்த்துக்கொள்ளும். பின்னோக்கி அது ஒரு சதத்தையும் தள்ளுபடி செய்யாது. “கடந்தகாலக் கொடுக்கல் வாங்கல்களுக்கும் பொறுப்பில்லை” என்று கொட்டை எழுத்தில் போட்டாலும் அப்படித்தான்.

முன்னோக்கிக்கூட அது பாதிதான் வேலை செய்யும். இதைச் சொன்னால் எங்கள் விளம்பரப் பகுதிக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பங்கு வியாபாரத்துக்கென்று இலங்கை தானாக ஒரு முழுச் சட்டம் எழுதிக்கொள்ளவில்லை. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பங்குடைமை, வங்கி போன்ற விடயங்களில் இங்கிலாந்தில் என்ன சட்டமோ அதுவே இங்கும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த வரியின் வழியாக 1890ஆம் ஆண்டு ஆங்கிலப் பங்குடைமைச் சட்டம் இறக்குவானைக் கடைத்தெருவரை வந்து சேர்ந்தது. அதன் 36ஆம் பிரிவு ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. முன்பு உங்களோடு வியாபாரம் செய்தவர்கள் ஒரு பக்கம், புதிதாக வருபவர்கள் மறுபக்கம். புதியவர்களுக்கு வர்த்தமானி அறிவித்தல் போதும் என்கிறது. எந்த வர்த்தமானி? லண்டன் வர்த்தமானி. ஸ்கொட்லாந்து நிறுவனம் என்றால் எடின்பரோ வர்த்தமானி. இரத்தினபுரி அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. நாம் பழக்கத்தில் உள்ளூர்ப் பத்திரிகைகளிலும் அரசாங்க வர்த்தமானியிலும் போட்டுக்கொள்கிறோம்.

பழைய வாடிக்கைக்காரருக்கோ எந்த வர்த்தமானியும் போதாது. விலகியவரைப் பங்காளியாக அறிந்து கடன் கொடுத்தவர், அவர் விலகிய செய்தி தன் காதுக்கு எட்டும்வரை அவரைப் பங்காளியாகவே வைத்துக்கொள்ளலாம். பத்திரிகையில் வந்தது என்றால் அவர் அதைப் படித்தார் என்று நீங்கள் காட்ட வேண்டும். எனவே வேலை கடன் கொப்பியில் இருந்து தொடங்குகிறது. அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். தபால் பற்றுச்சீட்டைக் கோவையில் குத்திவைப்பது. கிழவர் ஒருவருக்குக் கடிதத்தைக் கையில் கொடுத்தால் நகலில் அவரிடம் ஒப்பம் வாங்குவது.

பிறகு பில் புத்தகம். பெரும்பாலான கடைகளில் மூன்று பெயரும் அச்சடித்த பழைய புத்தகம் தீரும்வரை கிழித்துக்கொண்டே இருப்பார்கள். “காசு போட்டு அடிச்சது, வீணாக்கவா?” என்பார்கள். இங்கிலாந்தில் 1949இல் தீர்ந்த ஒரு வழக்கு இதே கதைதான். தளபாடக் கடையிலிருந்து விலகிய இங்க்ரம் என்பவரின் பெயர் பொறித்த பழைய தாளில், கடையை நடத்தியவர் ஒரு கொள்வனவை உறுதிப்படுத்தி எழுதிவிட்டார். சரக்குக் கொடுத்த நிறுவனம் இங்க்ரமைப் பிடித்தது. அவர் தப்பினார். அந்த நிறுவனம் அவரை முன்பு பங்காளியாக அறிந்திருக்கவில்லை, அந்தத் தாள் போனது அவருக்குத் தெரியவும் தெரியாது என்பதால் தப்பினார். நம் ஊர்க் கடைத்தெருவிலோ எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பழைய பில் புத்தகம் புழங்குவதை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்துவிட்டுப் போகும் விலகிய பங்காளிக்கு இங்க்ரமின் அதிர்ஷ்டம் கிடைக்காது.

பதிவு மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. “இங்கே மாத்திட்டா சரி, இனி ஒரு பிரச்சினையும் வராது” என்று கருமபீடத்தில் சொல்லப்பட்டதாகப் பலர் எழுதுகிறார்கள். அது பெயர்ப் பதிவேடு, கடன் பதிவேடு அல்ல. அறிவிக்காமல் விட்டால் சட்டப்படி உங்களுக்குத்தான் சிக்கல். அறிவித்ததால் பழைய கடனில் ஒரு ரூபாயும் இடம் மாறாது.

இனி எனக்கு மிகவும் விநோதமாகப் படும் விடயம்: வங்கி மேலதிகப்பற்று. ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். மூன்று பேர் நடத்திய உரக் கடை. ஒருவர் விலகிய மார்ச் 31 அன்று நடைமுறைக் கணக்கில் மேலதிகப்பற்று 30 இலட்சம். அவர் விலகியதை வங்கிக்கு எழுத்தில் அறிவித்தாயிற்று. கணக்கோ நிற்கவில்லை, மீதி இருவரும் அதே கணக்கை ஓட்டுகிறார்கள். ஜூலை முடிவதற்குள் 32 இலட்சம் வைப்பிலிட்டு, 28 இலட்சத்துக்குக் காசோலை எழுதிவிட்டார்கள். இப்போது மேலதிகப்பற்று 26 இலட்சம். இந்த 26 யாருடைய கடன்?

பார்வைக்குப் பழைய 30 இலட்சத்தில் 4 குறைந்து நிற்பதுபோல் தெரியும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஓடும் கணக்கில் முதலில் ஏறிய கடன்தான் முதலில் இறங்கும். வைப்பிலிட்ட 32 இலட்சம் பழைய 30ஐ முழுவதும் துடைத்து, புதுக் கடனிலும் 2ஐக் கழித்துவிட்டது. நிற்பது முழுக்க ஏப்ரலுக்குப் பிறகு எழுதிய காசோலைகளின் கடன். அதில் விலகியவருக்குத் தொடர்பில்லை. அவர் ஒரு சதம் கட்டாமலே வங்கியின் பிடியிலிருந்து கழன்றுவிட்டார்.

இந்த விதி பிறந்ததும் பங்குதாரர் விவகாரத்தில்தான். லண்டனில் டெவைன்ஸ் என்பவர் பங்காளியாக இருந்த ஒரு வங்கி. அவர் 1809இல் இறந்தார், மற்றவர்கள் தொடர்ந்து நடத்தினார்கள், அடுத்த வருடம் வங்கி முறிந்தது. க்ளேட்டன் என்ற வாடிக்கையாளர், இறந்தவர் காலத்து நிலுவையை அவருடைய சொத்திலிருந்து தரும்படி கேட்டார். நீங்கள் பிறகு எடுத்த பணமெல்லாம் அந்தப் பழைய நிலுவையிலிருந்துதான் முதலில் போயிற்று, ஆகவே அது தீர்ந்துவிட்டது என்று 1816இல் தீர்ப்பானது. அங்கே வங்கி கடனாளி, இங்கே கடை கடனாளி. கணக்கு ஓடுகிற விதம் ஒன்றுதான்.

வங்கிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் விலகல் கடிதம் கிடைத்ததும் பழைய கணக்கைக் கோடு போட்டு நிறுத்திவிட்டுப் புதுக் கணக்குத் திறக்கச் சொல்வார்கள். “வங்கி கெடுபிடி பண்ணுது” என்று எழுதிய வாசகருக்கு இதுதான் பதில். கோடு போட்டால் 30 இலட்சம் மூன்று பேர் தலையிலும் அப்படியே உறைந்து நிற்கும். சில வங்கிகள் முதலிலேயே கையெழுத்து வாங்கிய பத்திரத்தில் இந்த விதியை வெட்டிவிடும் வாசகத்தையும் வைத்திருக்கும். அதைத் தேடிப் படியுங்கள்.

மீந்திருப்பவர்களுக்குக் கோடு நல்லதா, கெட்டதா? வங்கியைப் பொறுத்தவரை நீங்கள் எப்படியும் மாட்டியவர்கள். விலகியவரோடு உங்கள் கணக்கில்தான் வித்தியாசம். கோடு இல்லாமல் ஓட்டினால் உங்கள் உழைப்பில் வந்த பணம் அவர் பங்குக் கடனையும் சத்தமில்லாமல் அடைத்துவிடும். அந்த 10 இலட்சத்தை அவரிடம் கேட்க வேண்டுமானால் விலகல் உடன்படிக்கையில் மார்ச் 31 நிலுவை எழுதப்பட்டிருக்க வேண்டும். “சகல கடன்களையும் மீதிப் பங்குதாரர் ஏற்றுக்கொள்கின்றனர்” என்று கையெழுத்து வைத்திருந்தால் அந்தக் கதை அங்கேயே முடிந்தது. சம்பிரதாய வரி என்று நினைத்து அதிகம் பேர் விழும் குழி அது.

மற்றக் கேள்விகள்.

விலகியவரைப் பழைய கடனிலிருந்து முழுதாக விடுவிக்க வழி உண்டா? உண்டு; அவர், மீதிப் பங்குதாரர், கடன் கொடுத்தவர் மூன்று தரப்பும் சம்மதிக்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த மருமகன் பழைய பாக்கிக்குப் பொறுப்பா? சேர்ந்ததால் மட்டும் இல்லை. தானாக ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைக்காதவரை அவருக்குப் பொறுப்பில்லை.

பங்காளி இறந்துபோனால்? இறந்த பிறகு ஏறிய கடன் அவர் சொத்தைத் தொடாது, அறிவித்தலும் தேவையில்லை. முந்திய கடன் தொடும்.

எங்களிடம் உடன்படிக்கையே இல்லை, வாய்ப் பேச்சுத்தான்? முதல் 1,000 ரூபாவுக்கு மேல் என்றால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் எழுத்துக் கேட்கிறது. நீங்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடத்தான் அது தடை. கடன் கொடுத்தவர் உங்கள் எல்லோர் மேலும் போடலாம்.

பழைய கடை பில்லுக்கு எத்தனை காலம் வழக்குப் போடலாம்? விற்றுக் கொடுத்த சாமானுக்கு, கடன் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடம். எழுதிக் கொடுத்த வாக்குறுதி என்றால் ஆறு வருடம். பகுதிப் பணம் கட்டினால் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கலாம். எனவே பழைய பாக்கிக்கு ஐயாயிரம் கட்டுவதற்கு முன்னும், “நிலுவை சரி” என்று ஒப்பம் வைப்பதற்கு முன்னும் ஒரு சட்டத்தரணியிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.