அக்குள் கட்டி புரையோடுமுன்

கீழப்பாவூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றி இங்கே எழுதுகிறோம். எவரையும் அடையாளம் காட்டலாகாது என்பதால், ஒரே வகைத் துன்பத்துடன் வந்த சிலரின் அனுபவங்களை ஒருவருடையதாக இணைத்துத் தருகிறோம்.

அவருக்கு வயது 26. பத்தொன்பதாவது வயதில் வலது அக்குளில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி தோன்றியது. வலி கடுமையாக இருந்தது. கையை உடலோடு சேர்த்து வைக்கவும் முடியவில்லை, உயர்த்தவும் முடியவில்லை. சூட்டுக்கட்டி என்றார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார்கள். பத்து நாளில் உடைந்து சீழ் வெளியேறி ஆறிவிட்டது. மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் மீண்டும் வந்தது. அதன்பின் மருந்துக்கடையில் ஐந்து நாள் மாத்திரை, இரண்டு முறை கீறிச் சீழ் எடுத்தல், இடது அக்குளிலும் கட்டி என்று ஏழு ஆண்டுகள் கழிந்தன. துணியில் படியும் கறையும் வாடையும் வெளியே தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்பதைக்கூட அவர் தவிர்த்து வந்தார்.

இந்நோய்க்கு ஹைட்ராடெனைட்டிஸ் சப்புரேட்டிவா என்று பெயர். பெயரே சற்றுத் தவறானது. 1854ஆம் ஆண்டில் வெர்னோய் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், இது வியர்வைச் சுரப்பியில் தொடங்குகிறது என்று கருதி அவ்வாறு பெயரிட்டார். நோய் தொடங்குவது மயிர்க்காலில் என்பது பிற்பாடு தெளிவாயிற்று; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிமடிப்பு, பிட்டம் ஆகிய இடங்களில் தோலோடு தோல் உரசுகிறது. அங்குள்ள மயிர்க்காலின் வாய் தடித்து அடைபடுகிறது. உள்ளே சேரும் பொருள் அதனை ஊதச் செய்து, தோலுக்கு அடியிலேயே வெடிக்க வைக்கிறது. சிந்திய பொருளை உடலின் எதிர்ப்பாற்றல் அந்நியப் பொருளாகக் கருதித் தாக்குகிறது. அந்த அழற்சிதான் கட்டியாகவும் வலியாகவும் சீழாகவும் வெளிப்படுகிறது. ஆகவே இது அழுக்கினால் வருவதன்று. தொட்டால் ஒட்டுவதும் அன்று. கணவரிடமிருந்து மனைவிக்கோ, தாயிடமிருந்து பாலுண்ணும் குழந்தைக்கோ தொற்றாது. குடும்பத்தில் மற்றொருவருக்கும் இருந்தால் அது பரம்பரைக் கூறினால் வருவது.

சாதாரணக் கொப்புளத்திலிருந்து இதனை வேறுபடுத்துவது கடினமன்று. சாதாரணக் கொப்புளம் தோலின் மேற்பரப்பில் முனை வைத்துப் பழுத்து, உடைந்து, அத்துடன் முடிந்துவிடும். இந்நோயின் கட்டி ஆழத்தில் இருக்கும். பெரும்பாலும் முனை வைக்காது. போன இடத்திலேயே, அல்லது அதற்கு விரலளவு தள்ளி, திரும்ப வரும். கட்டி இல்லாத நாள்களில் கூர்ந்து பார்த்தால் ஒன்றையொன்று ஒட்டிய இரட்டைக் கரும்புள்ளிகள் சிலருக்குத் தென்படும். மேற்கூறிய இடங்களில் ஆறு மாதத்திற்குள் இரண்டு முறை இத்தகைய கட்டி வந்தால், மூன்றாவதுக்குக் காத்திராமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலியே இல்லாமல் வாரக்கணக்கில் கரையாது வளரும் அக்குள் கட்டி வேறு வகையைச் சேர்ந்தது. அது காசநோய் பற்றிய நெறிகட்டியாகவோ பிறவாகவோ இருக்கலாம். அதற்குத் தனிப் பரிசோதனை தேவை.

நாள்பட்ட புண்ணைப் ‘புரையோடிய புண்’ என்று நம் முன்னோர் சொன்னார்கள். இந்நோய்க்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. மீண்டும் மீண்டும் வெடித்த கட்டிகளுக்கிடையே தோலுக்கு அடியில் சுரங்கம்போல் ஒரு வழி உருவாகிறது. தோலின் அணுக்கள் அவ்வழியின் உட்சுவரில் படர்ந்து வளர்ந்து, அதனை நிலையான குழாயாக்கிவிடுகின்றன. கட்டி என்பது அழற்சி, மருந்தால் அடங்கக்கூடியது. புரை என்பது கட்டமைப்பு. மாத்திரை அதனைச் சுருக்கலாம், சீழைக் குறைக்கலாம், ஆனால் பெரும்பாலும் மூடச் செய்வதில்லை. முன்கூட்டியே சிகிச்சை பெற வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

அப்பெண்ணின் இரு அக்குள்களும் இதனை அருகருகே காட்டின. இடப்பக்கத்தில் இரண்டு கட்டிகள் மட்டுமே, புரை இல்லை. வலப்பக்கத்தில் கயிறு போன்ற தழும்பும், மூன்று சென்டிமீட்டர் நீளத்திற்கு ஒரு புரையும் இருந்தன. கருவுற்றிருக்கவில்லை என்பதை உறுதி செய்தபின் டாக்சிசைக்ளின் மாத்திரையும், காலை மாலை பூசுவதற்குக் கிளிண்டாமைசின் திரவமும் பன்னிரண்டு வாரங்களுக்குக் கொடுத்தோம். கிருமியைக் கொல்வதைக் காட்டிலும் அழற்சியைத் தணிப்பதற்காகவே இம்மருந்து இவ்வளவு காலம் தரப்படுகிறது. ஐந்து நாள் மாத்திரை அவருக்கு ஏன் பயன்படவில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். மாத்திரையை நிறைய நீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாயில் புண் உண்டாகும். பன்னிரண்டு வார முடிவில் இடது அக்குள் அடங்கியது. வலது அக்குளில் வலி குறைந்தது. புரையோ கசிந்துகொண்டே இருந்தது.

அதற்குக் கூரை நீக்கும் சிறு அறுவை செய்யப்பட்டது. அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, புரைக்குள் மெல்லிய கம்பியை நுழைத்து அதன் போக்கை அறிந்து, மேற்பகுதியை முழுவதுமாக வெட்டியெடுத்துவிட்டு, அடிப்பகுதியைத் தானாக ஆற விடுவதே இம்முறை. ஆறுவதற்கு ஐந்து வாரமாயிற்று. முன்பு செய்தது போல் வெறுமனே கீறிச் சீழை வெளியேற்றினால், அழுத்தமும் வலியும் அன்றைக்குத் தணியுமேயன்றிச் சுவர் உள்ளே தங்கிவிடுவதால் கட்டி திரும்புவது ஏறத்தாழ உறுதி. வீட்டில் ஊசியால் குத்துவதையும் பிதுக்குவதையும் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அவை சீழை இன்னும் ஆழத்திற்குத் தள்ளும்.

மாத்திரைக்கு அடங்காத, பல இடங்களில் பரவிய நோய்க்கு அடாலிமுமாப் என்ற ஊசி உண்டு. விலை மிகுதி. உடலில் உறங்கும் காசநோயை அது எழுப்பிவிடக்கூடும் என்பதால், முதலில் அதற்கான பரிசோதனை செய்யாமல் தொடங்கக் கூடாது. கிளிண்டாமைசினுடன் ரிஃபாம்பிசின் சேர்த்துத் தரும் முறையிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். ரிஃபாம்பிசின் காசநோய் மருந்தும் ஆகும். காசநோய் இருப்பதறியாமல் அதனை உட்கொண்டால், பின்னர் அந்நோய் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகலாம். எனவே பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்க வேண்டாம்.

பீடி சுற்றும் தொழிலால் இது வருமா என்று இப்பகுதிப் பெண்கள் கேட்கிறார்கள். தொடர்பு காணப்பட்டிருப்பது புகைப்பவர்களிடத்தில்தான். புகைக்கும் ஆண்களுக்கு இந்நோய் இருந்தால், பீடியை விடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியாகும். உடல் எடை மிகுந்தவர்களுக்கு மடிப்புகளின் உரசல் கூடுகிறது; எடை குறைந்தால் பலருக்குக் கட்டிகளும் குறைகின்றன. இவர்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனையும் செய்கிறோம். நோய் உள்ள இடத்தை நார் போட்டுத் தேய்க்கலாகாது. பிளேடால் மழிப்பதை நிறுத்தி, கத்தரியால் முடியைக் குறைத்துக்கொள்ளலாம். இறுக்கமில்லாத பருத்தி உடை நல்லது.

ஆண்டுக்கணக்கில் ஆறாத புண், குறிப்பாகப் பிட்டத்தில், தடித்து வளர்ந்தாலோ இரத்தம் கசிந்தாலோ சதைத் துணுக்குப் பரிசோதனை செய்தாக வேண்டும். அரிதாக அவ்விடத்தில் புற்றுநோய் தோன்றுவதுண்டு. காய்ச்சலுடன் கட்டியைச் சுற்றிச் சிவப்பு வேகமாகப் பரவினால் அன்றே வர வேண்டும்.

வரும்போது கட்டி வந்த மாதங்களையும் இடங்களையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். இதுவரை உட்கொண்ட மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டு வாருங்கள். கட்டி இல்லாத நாளாக இருந்தாலும் தழும்பையும் கரும்புள்ளியையும் வைத்து நோயை அறிய முடியும். பெண் மருத்துவர் பார்க்க வேண்டுமென்று விரும்புவோர் பதிவுச் சீட்டு வாங்கும்போதே அதனைச் சொல்லலாம்.