ஏலக்காய் உலர்ப்பான் வாங்கக் கோரிக்கை எழுதும் முறை

போடிநாயக்கனூரை அடுத்த மலைச்சரிவுகளில் ஏலக்காய் அறுவடை ஆடி மாதவாக்கில் தொடங்கிப் பல சுற்றுக்களாக நடைபெறும். பறித்த பச்சைக்காயில் நூற்றுக்கு 80 பங்கு வரை ஈரமிருக்கும். அதனைக் காலதாமதமின்றி 10 முதல் 12 பங்கிற்குக் குறைத்தாலன்றிக் காய் பூசணம் பிடித்துப் பசுமை நிறமும் கெடும். போடி ஏல மையத்தில் விலையும் தாழும். ஆகவே, உலர்ப்பான் வாங்குதற்கு எழுதிய கோரிக்கை, விளக்கம் கேட்டுத் திருப்பப்பட்டு ஒரு மாதம் தாமதிக்குமாயின், ஒரு சுற்றுக் காயே சேதமுறக்கூடும். அனுமதி வழங்குவோர் கேட்கக்கூடியவை மூன்றே: தேவை யாது? வாங்கும் பொருளின் விவரம் யாது? பணம் எந்தக் கணக்குத் தலைப்பினின்று வரும்? இம்மூன்றிற்கும் விடை எழுதும் முறையை ஓர் உதாரணத்தால் காட்டுவோம். இதிலுள்ள சங்கமும் தொகைகளும் விளக்கத்தின் பொருட்டுக் கற்பித்துக் கொண்டவை.

தேவை

விவசாயிகள் சங்கம் ஒன்றின் ஸ்டோரில் உள்ள உலர்ப்பான் ஒரு நாளைக்கு 400 கிலோ பச்சைக்காயை உலர்த்தும். "காய் அதிகம் வருகிறது, உலர்ப்பான் போதவில்லை" என்று மட்டும் எழுதினால் அது முறையீடேயன்றித் தேவைக்குச் சான்றாகாது. காய் வரவுப் பதிவேட்டைப் பார்த்தல் வேண்டும். சென்ற பருவத்தில் காய் வந்த 100 நாட்களுள் 34 நாட்களில் வரவு 400 கிலோவைத் தாண்டிற்று. அவற்றுள் 32 நாட்களில் 700 கிலோவுக்கு மேற்படவில்லை. 2 நாட்களில் மாத்திரம் 1,000 கிலோ வந்தது. அவ்விரண்டு நாட்களை மனத்திற்கொண்டு 600 கிலோ உலர்ப்பான் கேட்பின், அது பெரும்பாலான நாட்களில் பாதி காலியாகவே எரியும். அதிகாரியும் காரணம் கேட்பார். 300 கிலோ அளவே நியாயமானது. எஞ்சிய இரு நாட்களுக்குத் தோட்டங்கள் முறைவைத்துப் பறித்தால் போதும் என்பதையும் எழுதிவிடுக. பழைய உலர்ப்பானைப் பழுது பார்த்தாலும் அதன் கொள்ளளவு பெருகாது என்று ஒரு வரி சேர்த்தால், அடுத்து எழக்கூடிய கேள்வியும் தீரும்.

பொருளின் விவரம்

இவ்விடத்தில் ஒரு கம்பெனியின் பெயரை எழுதுவது பெரும் பிழை. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 144-ஆவது விதி, வாங்கும் பொருளை அதன் வேலையாலும் அளவாலும் குறிக்க வேண்டுமென்றும், வியாபாரப் பெயரால் குறித்தலாகாதென்றும் கூறுகிறது. சொந்தப் பணத்தில் வாங்கும் சங்கங்களுக்கும் இது நல்ல வழியே; விலைப்புள்ளிகளை ஒப்பிட வேறு வழியில்லை. நம் உதாரணத்தில் இவ்வாறு எழுதலாம்:

"ஒரு முறைக்கு 300 கிலோ பச்சைக்காய் கொள்வது, 24 மணி நேரத்திற்குள் ஈரத்தை 12 பங்கிற்குக் குறைப்பது, வெப்பத்தை 45 முதல் 55 டிகிரி சென்டிகிரேடுக்குள் நிறுத்துவது, விறகுப் புகை காயைத் தொடாதது, தட்டுக்கள் துருப்பிடியாதவை, மலைப்பாதையில் ஏற்றிச்செல்லப் பகுதிகளாகப் பிரிக்கத்தக்கது."

இவற்றுள் ஒவ்வொன்றும் பொருள் வந்திறங்கிய பின் சோதித்துப் பார்க்கத்தக்கது. "உயர்ந்த தரம்", "நவீன அமைப்பு" என்பவற்றைச் சோதிக்க முடியாதாகையால் அவற்றை விலக்குக. 300 கிலோ என்பது பச்சைக்காயா, உலர்ந்த காயா என்பதைத் தவறாது குறிப்பிடுக. ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய்க்கு 1 கிலோ உலர்ந்த காயே கிடைக்குமாதலால், அச்சொல் விடுபட்டால் ஐந்து மடங்கு வித்தியாசம் நேரும்.

கணக்குத் தலைப்பு

உலர்ப்பான் பல ஆண்டுகள் உழைப்பதாகையால் அது மூலதனச் செலவு. அதனை ஏற்றிவரும் கூலியும் பொருத்தும் கூலியும் அதனுடனேயே சேரும். விறகும் மின்கட்டணமும் நடைமுறைச் செலவு. பராமரிப்புத் தலைப்பில் பணம் மிகுந்திருக்கிறதென்று புதிய இயந்திரத்தை அதில் எழுதினால் தணிக்கையில் தடை எழும். பின்னர் இருப்பைக் கணக்கிட்டுக் காட்டுக. மூலதனத் தலைப்பில் ஒதுக்கீடு ரூ. 4,00,000, செலவானது ரூ. 90,000, முன்னரே வாங்க உத்தரவிட்டு இன்னும் பட்டுவாடா செய்யாதது ரூ. 60,000, மீதி ரூ. 2,50,000. வரி, ஏற்றுக்கூலி உட்பட இக்கோரிக்கை ரூ. 2,40,000, ஆக ரூ. 10,000 எஞ்சும். பலர் மறப்பது மூன்றாவது தொகையையே. அதை விட்டுவிட்டால் இருப்பு பொய்யாகப் பெருகித் தோன்றும்; பில் வரும்போது பணமிராது. அவ்வாறே, விண்ணப்பித்த மானியத்தை அது கைக்கு வருமுன் இருப்பில் சேர்த்தலும் ஆகாது.

அனுமதி வரம்பிற்குள் அடங்கும்படி உலர்ப்பானை ஒரு கோரிக்கையிலும் தட்டுக்களை வேறொரு கோரிக்கையிலும் பிரித்தெழுதுதல் விதிகளுக்கு மாறானது. தொகை மிகுமாயின் மேலதிகாரிக்கே அனுப்புக.

வரவுப் பதிவேட்டின் நகல், விலைப்புள்ளிகள், கணக்கரின் இருப்புச் சான்று ஆகிய மூன்றையும் இணைத்து, சித்திரை மாதத்திலேயே கோரிக்கையை அனுப்புதல் நலம். விலைப்புள்ளிகளில் கண்ட கெடுத்தேதி, அனுமதி கிடைக்கும் நாளுக்குள் முடிந்துவிடாதிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்க. முடிந்துவிடின் புதிய விலை கேட்டு முதலிலிருந்தே தொடங்க நேரும்.