சந்தன நிறச் சேலை அரக்கு ஆகும்போது

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரே டிசைனில் ஐந்து நிறச் சேலைகள் வந்திருக்கின்றன. ஐந்தையும் மாடலுக்குக் கட்டிப் படமெடுக்கச் செலவு அதிகம். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, மற்ற நிறங்களைக் கணினியில் மாற்றித் தரும்படி ஃப்ரீலான்ஸ் ரீடச்சர் ஒருவருக்குக் கடைக்காரர் எழுதுகிறார். "தம்பி, அரக்கு கொஞ்சம் டார்க்கா வரட்டும்" என்று எழுதினால் வேலை மூன்று முறை திரும்பி வரும். அவரவர் மனத்தில் இருக்கும் அரக்கு வேறு வேறு.

விவரம் தெரிந்த கடைக்காரர் எழுதும் கடிதம் இப்படி இருக்கும்:

"தம்பிக்கு வணக்கம். படத்தில் இருப்பது சந்தன நிறச் சேலை, வாடாமல்லிக் கரை. உடலை மட்டும் மாற்ற வேண்டும். அரக்குக்கு #6B1420, கடுகு மஞ்சளுக்கு #D39A1E. இவை கொசுவத்தில் வெளிச்சம் நேராக விழும் சமமான இடத்தில் எடுத்த எண்கள்; மடிப்பின் பளபளப்பிலோ நிழலிலோ எடுத்தவை அல்ல. கரை, முந்தி, சரிகை, ரவிக்கை எதையும் தொட வேண்டாம். துணித் துண்டுகளைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன்."

இதில் மிக மதிப்புள்ள வரி, எண் எங்கே எடுக்கப்பட்டது என்பதுதான். பட்டுச் சேலைப் படத்தில் ஒரே அரக்கு, மடிப்பின் உச்சியில் ரோஜா நிறமாகவும் உள்ளே கறுப்பாகவும் தெரியும். இடம் சொல்லாமல் #6B1420 என்று மட்டும் கொடுத்தால், ரீடச்சர் அதைப் பளபளப்பில் பொருத்திவிடக்கூடும். சேலை முழுவதும் இருண்டுவிடும். எண்ணை எடுக்கும் முறையும் முக்கியம். துணித் துண்டையும் 24 கட்ட நிற அட்டையையும் அதே விளக்கின் கீழ் வைத்துப் படமெடுத்து, அட்டையைக் கொண்டு படத்தின் நிறத்தைச் சரிசெய்த பிறகே எண் எடுக்க வேண்டும்.

சந்தனச் சேலையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. கறுப்பை 0 என்றும் வெள்ளையை 100 என்றும் வைத்து வெளிச்சத்தை அளந்தால், அந்தக் கடுகு மஞ்சள் ஏறக்குறைய 67-இல் நிற்கும். அரக்கு 20-க்கும் 25-க்கும் இடையில். அரக்குச் சேலையைப் படமெடுத்து மஞ்சளாக்க முயன்றால் இருட்டிலிருந்து வெளிச்சத்தை இழுக்க வேண்டும். நிழலில் பதியாத இழை வெளியே வராது, புள்ளிப்புள்ளியாக இரைச்சல்தான் வரும். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போவது எளிது. தவிர, சேலையின் நிறம் மாடலின் தாடைக்கு அடியிலும் முழங்கையிலும் பிரதிபலிக்கும். சிவப்புச் சேலையைப் பச்சையாக்கினால், கழுத்தில் சிவப்புச் சாயல் அப்படியே நின்று காட்டிக்கொடுக்கும். சந்தனம் விடும் சாயல் மிகக் குறைவு.

எளிது என்றாலும் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. போட்டோஷாப்பில் உடல் பகுதியைத் தனியே பிரித்து, அதன் மேல் அரக்கு அடுக்கை வைத்து, கலக்கும் முறையை Color என்று மாற்றுவது வழக்கம். அந்த முறை நிறத்தை மட்டும் மேலடுக்கிலிருந்து எடுத்துக்கொண்டு, வெளிச்சத்தைக் கீழே இருக்கும் படத்திலேயே விட்டுவிடும். சந்தனத்தின் வெளிச்சத்தோடு அரக்கின் நிறம் சேர்ந்தால் கிடைப்பது இளஞ்சிவப்பு. ஆகவே முதலில் Curves கொண்டு உடலின் நடுத்தர வெளிச்சத்தை அரக்கின் அளவுக்கு இறக்க வேண்டும். பளபளப்பை அதைவிடக் குறைவாக இறக்க வேண்டும். இரண்டையும் ஒரே அளவில் இறக்கினால் பட்டு, பருத்தி போல மந்தமாகிவிடும். நிறத்தை அதன் பிறகு ஏற்றி, கடிதம் சொன்ன அதே இடத்தில் அளந்து பார்க்க வேண்டும். ஒரு புள்ளியில் அளந்தால் ஓர் இழையின் நிறம்தான் கிடைக்கும். சுற்றியுள்ள புள்ளிகளின் சராசரியை எடுப்பதே சரி.

படத்தை sRGB நிற அமைப்பில் சேமித்து அனுப்பும்படியும் எழுதிவிடுவது நல்லது. அகன்ற நிற அமைப்பில் சேமித்த படம் சில திரைகளில் வெளுத்துத் தெரியும். கடைக்காரரும் போனில் கண் பாதுகாப்பு மஞ்சள் திரையை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் சேலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே ஒப்புதல் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது சேலை மயில் கழுத்து. கடிதத்தில் அதற்கு எண்ணே இல்லை. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்று நெய்த துணி அது. நீலமும் பச்சையுமாகச் சேர்ந்து, மடிப்பு திரும்பும் இடமெல்லாம் மாறி மாறித் தெரியும். ஒற்றை நூல் நிறத்தில் நெய்த சந்தனச் சேலைப் படத்தில் அந்த மாற்றம் எங்கே விழும் என்ற தகவலே இல்லை. ரீடச்சர் ஊகித்து வரையலாம், ஆனால் வாங்குபவர் கையில் விரியும் சேலை அப்படி இருக்காது. அதனால் கடைக்காரர் கடைசியில் எழுதுகிறார்: "மயில் கழுத்தை மாற்ற வேண்டாம் தம்பி. அதைத் தனியாகக் கட்டிப் படமெடுத்து அனுப்புகிறேன்."