‘ஏற்கெனவே படித்துவிட்டேன்’ என்றால் போதுமா?

எம்.எஸ். படிக்க வெளிநாடு போகும் நம் பொறியியல் பட்டதாரிகள் சிலருக்கு, பாடம் தேர்வு செய்யும்போதே ஒரு முட்டுக்கட்டை வரும். மெஷின் லேர்னிங் பாடத்தில் சேரப் போனால், ‘புள்ளியியல் முன்பாடம் முடிக்கவில்லை’ என்று பதிவுத் தளம் மறுத்துவிடும். ஊரில் படித்த கணக்கு அதன் பதிவேட்டில் இருக்காது. அப்போது பாட ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதி விலக்கு கேட்கலாம்.

‘கணக்கில் 90 மார்க் வாங்கினேன், எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்வேன்’ என்று எழுதினால் எடுபடாது. இந்த மாணவர் நடுவழியில் திணறுவாரா என்பதுதான் ஒருங்கிணைப்பாளரின் கவலை. மார்க்கைவிட எதைப் படித்தோம் என்பதே அவருக்கு முக்கியம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் கணினிப் பொறியியல் மாணவர்கள் நான்காம் செமஸ்டரில் படித்த ‘நிகழ்தகவும் வரிசைக் கோட்பாடும்’ (MA8402) தாளை எடுத்துக்கொள்வோம். அதன் ஐந்து அலகுகளில் முதல் இரண்டில் பரவல்கள், உடன்தொடர்பு, மைய எல்லைத் தேற்றம் எல்லாம் உண்டு. மீதி மூன்றும் சமவாய்ப்புச் செயல்முறைகளும் வரிசை மாதிரிகளும். மெஷின் லேர்னிங்குக்கு வேண்டிய மதிப்பீட்டு முறைகளோ கருதுகோள் சோதனையோ அதில் தனி அலகாக இல்லை. தாளின் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால், பாடத்திட்டத்தைத் திறந்து பார்ப்பவர் இந்தக் குறையை உடனே கண்டுபிடித்துவிடுவார். நாமே முந்திச் சொல்லிவிடுவது நல்லது.

மின்னஞ்சலின் சாரம் இப்படி இருக்கலாம்:

“மெஷின் லேர்னிங் பாடத்தில் சேர, புள்ளியியல் முன்பாடத்திலிருந்து விலக்கு கோருகிறேன். அதன் ஆறு தலைப்புகளில் நான்கை MA8402 தாளில் படித்தேன். மதிப்பீடு, கருதுகோள் சோதனை ஆகிய இரண்டும் அதில் இல்லை. அவற்றை என்.பி.டி.இ.எல். பாடத்தில் படித்து, நேரடித் தேர்வில் தேறினேன். தலைப்புவாரி ஒப்பீட்டு அட்டவணை, பாடத்திட்டம், மதிப்பெண் பட்டியல், சான்றிதழ், நான் செய்த ஒரு ப்ராஜெக்ட் ஆகியவற்றை இணைத்துள்ளேன். தேவைப்பட்டால் சிறு தேர்வு எழுதவும் தயார்.”

மாணவர் எண்ணும் பாடக் குறியீடும் தலைப்பு வரியிலேயே இருக்கட்டும். சான்றுகளில் அந்த அட்டவணைக்குத்தான் மதிப்பு அதிகம்: இடப்பக்கம் அவர்கள் கேட்கும் தலைப்பு, வலப்பக்கம் அதை நீங்கள் படித்த தாளும் அலகும். என்.பி.டி.இ.எல். சான்றிதழை இணைக்கும்போது, அது கண்காணிப்புடன் நடந்த நேரடித் தேர்வு என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். வீடியோ பார்த்ததற்கு மட்டும் கிடைக்கும் சான்றிதழ் அந்த எடையைத் தராது.

விலக்கு கிடைத்தால் கதவு திறக்கும், அவ்வளவுதான். கிரெடிட் சேர்வது பொதுவாக வேறு விண்ணப்பம். எனவே பட்டத்துக்குத் தேவையான கிரெடிட் கணக்கு குறைகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாடத்தை மாற்றிக்கொள்ளும் கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள். பதில் ‘முடியாது’ என்று வந்தாலும் வேறு பாடம் எடுக்க அவகாசம் இருக்கும்.